எழுபத்திரண்டு கிலோ எடைக்கல்

பத்து வருஷத்துக்கும் மேலாக நான் எழுபத்திரண்டு கிலோ. தீபாவளிக்குக் கூடியதில்லை, காய்ச்சலுக்குக் குறைந்ததில்லை. வேறு எந்த விஷயத்திலும் நான் இவ்வளவு நிலையாக நின்றவன் இல்லை என்று என் மனைவி சொல்வாள். சத்தியம் செய்தே சொல்வாள்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எடப்புளி நாட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிப் போட்டிருக்கிறோம். மிளகும் காப்பியும் கீழே போகிற லாரியில் ஏறும் முன் அதில் ஏறி இறங்க வேண்டும். நிறுக்கிற வேலை என்னுடையது. மூட்டை ஒன்று அரைக்கிலோ குறைந்தாலும் கொண்டுவந்தவருக்குத் தராசின் மேல் சந்தேகம் வந்துவிடும். அப்போதெல்லாம் மூட்டையை இறக்கிவிட்டு நான் ஏறி நிற்பேன். எழுபத்திரண்டு என்று சிவப்பு எழுத்தில் வரும். சந்தேகப்பட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். தராசுக்கு முத்திரை போட்ட அதிகாரியைவிட என் உடம்பின் மேல்தான் மலைக்கு நம்பிக்கை. எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்த வருஷம் மிளகு சீசனின் முதல் நாள். திருப்புலி நாட்டிலிருந்து ஒரு பெரியவர் மூட்டையோடு வந்திருந்தார். அவர் மூட்டையைவிட அவருடைய சந்தேகம்தான் எப்போதும் கனமாக இருக்கும்.

"ஊட்டுல நிறுத்துட்டுத்தான் வாரேன். உங்க தராசு முழுங்குது. ஏறுங்க பாக்கலாம்."

ஏறினேன். அறுபத்து நான்கு.

இறங்கி, செருப்பைத் துடைத்துவிட்டு, மறுபடி ஏறினேன். அறுபத்து நான்கு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஒரே குரலில் கூச்சல் போட்டார்கள்.

"பாத்தீங்களா! எட்டுக் கிலோ முழுங்குது!"

"இத்தனை நாளா எத்தனை முழுங்குச்சோ!"

அங்கே இருந்த முப்பது பேரில் ஒருவருக்குக்கூட, நான் உட்பட, இளைத்தது நானாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. எடைக்கல் இளைக்குமா? தராசைத்தான் திட்டினோம். கீழே இருக்கிற மெக்கானிக்குக்கு போன் போட்டோம்.

மறுநாள் அவர் பைக்கில் வந்து சேர்ந்தார். வந்ததும் தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, இருபது கிலோ இரும்புக் கல்லு ரெண்டு எடுத்து வெச்சேனுங்க. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறணுமேன்னு ஊட்டுலயே எறக்கி வெச்சுட்டு வந்துட்டேன். எடை சரியாத் தெரிஞ்ச பொருள் ஏதாச்சும் இங்க இருக்குங்களா?"

முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பட்டாபிஷேகத்துக்குப் போகிறவனைப் போலத் தராசில் ஏறினேன். மெக்கானிக் ஏதோ இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி, எழுபத்திரண்டு என்று பதிந்தார். தராசு 'பீப்' என்றது. எல்லோருக்கும் திருப்தி. அன்றைக்கு எல்லா மூட்டையும் நல்ல எடை காட்டியது. திருப்புலி நாட்டுப் பெரியவர் என் தோளில் தட்டிவிட்டே போனார். என் வாழ்நாளில் அவர் என்னைத் தட்டியது அது ஒரு முறைதான்.

இந்த இடத்தில் நான் மறைத்து வைத்திருந்த சில சங்கதிகளைச் சொல்ல வேண்டும். நான்கு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டின் முன் உட்கார்ந்து நாலு வாய் வைத்தால் வயிறு 'போதும்' என்றுவிடும். சாமைச் சோறு என்றால் மண் மாதிரி இருந்தது. கோழிக்குழம்பு என்றால் சாமைச் சோறு மாதிரி இருந்தது. மனைவி சமையலில்தான் குறை என்று எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். வெளியே சொல்லுகிற தைரியம் இல்லாததால், மிச்சத்தை மேசைக்கு அடியில் நாய்க்குத் தள்ளினேன். நாய் கொழுத்தது. குடும்பத்தின் மொத்த எடை மாறவே இல்லை. கை மாறியது, அவ்வளவுதான்.

பெல்ட் தளர்ந்தபோது தோல் இழுத்துவிட்டது என்றேன். சாயந்திரமானால் உடம்பு லேசாகச் சுட்டது. வெயிலில் நின்றதால் என்றேன். குளிர்காலத்தில் வேர்வையில் பனியன் நனைந்தது. புதுக் கம்பளி ரொம்ப நல்ல கம்பளி என்றேன். வலது அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி வந்து போகும், வாயு என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கூட்டி ஒரே பதில் வருமா என்று மட்டும் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்கப் பயம்.

லாரி கீழே போன அன்றே எங்கள் மிளகை வாங்குகிற வியாபாரி போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க மலையில காத்து வேற மாதிரி அடிக்குதுங்களா? அங்க நாப்பத்தஞ்சு போட்ட மூட்டை இங்க நாப்பதுதான் இருக்குது. வளைவுக்கு வளைவு மிளகு எறங்கி ஓடிப் போயிருச்சா?"

அடுத்த லாரியிலேயே முத்திரை போட்ட இருபது கிலோ கல் இரண்டை அனுப்பி வைத்தார். அன்று கூட்டம் இன்னும் அதிகம். என் மனைவியும் எங்கள் மூட்டையோடு வந்திருந்தாள். இரண்டு கல்லையும் தராசில் வைத்தோம். நாற்பத்தைந்து என்று காட்டியது.

திருப்புலி நாட்டுப் பெரியவர் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"நாப்பதை வெச்சா நாப்பத்தஞ்சு. எட்டை வெச்சா ஒம்பது காட்டும். அப்ப இவரு ஏறி எழுபத்தி ரெண்டு காட்டுச்சுன்னா..." மடக்கிய விரலோடு நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா, அறுபத்தி நாலுதானப்பா நீயி!"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வராத முதல் சபை அது. தராசு முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதன் காதைத் திருகி அதைப் பொய் சொல்ல வைத்திருக்கிறோம்.

முதலில் வாய் திறந்தது என் மனைவிதான்.

"பெல்ட்டுல ஆணி வெச்சு மூணு ஓட்டை போட்டாருங்க. கேட்டா, இதுதான் இப்ப பேஷன்னு சொன்னாரு. நாயி குட்டி போடப் போவுதுன்னு நெனச்சிட்டிருந்தேன், அது கடுவன்னு இன்னைக்குத்தான் ஞாபகம் வருது."

மறுநாள் காலையில் மலைமேல் இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் ஓர் இளம்பெண். என் மகள் வயதுகூட இருக்காது.

"கடைசியா எப்ப எடை பார்த்தீங்க?"

"போன வாரமுங்க. ஆனா அன்னைக்கு நான் எடை பாக்கலீங்க. என்னைய வெச்சுத் தராசுக்கு எடை பார்த்தாங்க."

முழுக்கதையும் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார், சிரிப்பை வைத்துவிட்டார். எடையைக் குறைக்க நானாக ஏதாவது முயன்றேனா, விழுங்கும்போது அடைக்கிறதா, வாந்தி உண்டா, மலம் கருப்பாகப் போகிறதா, ரத்தம் கலக்கிறதா, வயிற்றுப்போக்கா மலச்சிக்கலா, சாயந்திரக் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, மனசு சரியில்லையா என்று வரிசையாகக் கேட்டார். நான் தனித்தனியாகப் பதில் சொல்லி ஒளித்துவைத்திருந்ததை எல்லாம் அவர் ஒரே தாளில் கூட்டி எழுதினார்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும் திருவிழாவுக்குங்க."

"மாசத்துக்கு நாலு திருவிழாங்க டாக்டரம்மா," என்றாள் மனைவி.

"வேற மருந்து, கசாயம் ஏதாவது?"

இதுதான் இக்கட்டான கேள்வி. பசி எடுக்கட்டும் என்று நான் மூன்று பேரிடம் மூன்று கசாயம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. எதில் என்ன வேர் என்று எனக்குத் தெரியாது. சொன்னேன்.

"மூணையும் இன்னைக்கே நிறுத்துங்க. சில வேர் ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்டாலும் பசி போகும், எடை குறையும். எது எதனாலன்னு கண்டுபிடிக்கணும்னா முதல்ல இதெல்லாம் வழியில இருக்கக் கூடாது. திருவிழாவும்."

கண்ணின் கீழ் இமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார். கழுத்தில் கட்டி தேடினார். படுக்க வைத்து வலது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொல்லி ஈரலைத் தேடினார். பிறகு அடிவயிற்றின் வலப்பக்கம் அழுத்தியபோது என்னையறியாமல் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"இங்க வலிக்குதா?"

"வாயுங்க."

"அதை நான் சொல்றேன்," என்றார்.

ரத்தம், மலம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. தைராய்டு சரி. மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லை. நெஞ்சு சுத்தம். ரத்தம் கொஞ்சம் குறைவு. உள்ளே எங்கோ ஏதோ புகைகிறது என்று காட்டுகிற ஓர் அளவு மட்டும் கூடுதல். ஈரல் சோதனையில் ஒரு எண் லேசாக ஏறியிருந்தது. கசாயத்தை நிறுத்திப் பதினைந்து நாளில் மறுபடி பார்த்தபோது அது இறங்கிவிட்டது. பசி மட்டும் திரும்பவில்லை. எடை அறுபத்தொன்று. ஈரல் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே பாதி தீர்ந்தது. மீதியைத் தீர்க்கவும் குடலைப் பார்க்கவும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே முதலில் ஸ்கேன். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டினார்கள்.

"ஈரல் நல்லா இருக்கு. பித்தப்பை, கணையம் எல்லாம் சரி."

மனைவியின் முகம் லேசாக வாடியதைப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷமாக "உங்க ஈரல் ஓட்டையாகும்" என்று சொல்லி வந்தவள். ஆனால் ஸ்கேன்காரர் அடிவயிற்றின் வலப்பக்கம் வந்ததும் கருவி நின்றுவிட்டது. அந்த இடத்துக் குடல் சுவர் தடித்திருக்கிறது, பக்கத்தில் சில நெறிக்கட்டிகள் இருக்கின்றன என்றார். வாயு என்று நான் பெயர் வைத்த அதே இடம்.

குடல் மருத்துவர் நிதானமான மனிதர். முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார். புண் இல்லை. "மேல் வீதி சுத்தமா இருக்கு. இனி கீழ் வீதி," என்றார். அதற்கு முந்தைய நாள் குடலைக் கழுவ மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நர்ஸ் விளக்கினார்.

"ஊட்டுலயே குடிச்சிட்டு காலையில பஸ் ஏறி வந்தர்றனுங்க," என்றேன்.

"ஊடு எங்க?"

"மலை மேலீங்க."

"எத்தனை வளைவு?"

"எழுபது."

நர்ஸ் என்னையே சில வினாடி பார்த்தார். அந்தப் பஸ்ஸையும், கண்டக்டரையும், என் பக்கத்துச் சீட்டில் உட்காரப்போகிறவரையும் அவர் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"கீழயே யாராச்சும் ஊட்டுல தங்குங்க," என்றார்.

அடிவாரத்தில் என் மச்சினன் வீடு இருக்கிறது. நிலமும் கிணறும் உள்ள குடும்பம், கக்கூஸ் மட்டும் ஒன்று. மத்தியானத்திலிருந்து தெளிந்த தண்ணீர் ஆகாரம் மட்டும். சாயந்திரம் அந்த உப்புத் தண்ணீர், டம்ளர் டம்ளராக. நான்காவது டம்ளரில் நான் அந்த வீட்டின் ஒரே கக்கூஸை என் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டேன். மச்சினன் வெளியே நின்று கதவைத் தட்டுவான்.

"மச்சான், உள்ள எதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?"

"போன தீபாவளிப் பலகாரம் போய்க்கிட்டிருக்கு மாப்ள. பொறு."

மறுநாள் லேசான மயக்க ஊசி போட்டார்கள். அரைத் தூக்கத்தில் திரையில் என் குடலைப் பார்த்தேன். ஈரமான, இளஞ்சிவப்பான குகைப் பாதை. குழாய் திரும்பித் திரும்பி ஏறியது.

"எத்தனாவது வளைவுங்க டாக்டர்?" என்று நாக்குழறிக் கேட்டேனாம்.

"இது ஈரலுக்குக் கீழ இருக்கிற வளைவு. இதைத் தாண்டினா உங்க ஊர் வந்துரும்," என்றாராம்.

வந்தது. சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற முக்கில் புண்கள். சுற்றிலும் வீங்கிச் சிவந்த சதை. அங்கிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளாகக் கிள்ளி எடுத்துப் பல குப்பிகளில் போட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் நான் கேட்க நினைத்ததை மனைவி கேட்டாள்.

"புத்துநோயுங்களா?"

மருத்துவர் மழுப்பவில்லை. "அதுவும் இருக்கலாம். குடல்ல வர்ற வேற ஒரு நாள்பட்ட அழற்சியா இருக்கலாம். காசநோயா இருக்கலாம். கண்ணால பார்க்க மூணும் சிலசமயம் ஒரே மாதிரி இருக்கும். எனக்குக் காசநோய்ன்னுதான் சந்தேகம், ஆனா சந்தேகத்துக்கு மருந்து குடுக்கறதைவிட துணுக்கு என்ன சொல்லுதுன்னு பார்த்துரலாம். ஒரு வாரம் ஆகும்."

அந்த ஒரு வாரம் நான் நகைச்சுவை எதுவும் செய்யவில்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தேன். மகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயங்களைத் தாளில் எழுதத் தொடங்கி, கிணற்று மோட்டாரின் சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதோடு நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் மனைவி காப்பியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எதாச்சும் கிண்டல் பண்ணுங்களேன்."

"என்னத்தப் பண்ண?"

"என் சமையலையாச்சும் சொல்லுங்க. நாலு மாசமா மனசுல வெச்சிருக்கீங்கல்ல."

அவள் கையில் இருந்த காப்பியை வாங்கி முழுவதையும் குடித்தேன். குமட்டியது. குடித்தேன்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. மருத்துவர் தாளைத் திருப்பிக் காட்டினார். துணுக்கில் காசநோய்க் கிருமி இருக்கிறது, சோதனையிலும் தெரிந்துவிட்டது, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான், புற்று இல்லை.

"டி.பி.ங்களா?" என்றேன்.

"ஆமா."

"ரொம்ப நன்றிங்க!" என்று எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

"டி.பி. வந்ததுக்கு எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நீங்கதான்," என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருந்ததை அங்கேயே அழுது முடித்தாள்.

இருமினால்தான் டி.பி. என்று நான் நினைத்திருந்தேன். நுரையீரலுக்குப் போகாமல் குடலில் குடியேறுகிற கிருமியும் உண்டாம். நெஞ்சில் இல்லாததால், என்னோடு சேர்ந்து சாப்பிட்டாலும் யாருக்கும் ஒட்டாது என்றார்கள். ஆனாலும் வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். ஆறு மாதம் தினமும் மாத்திரை. எத்தனை மாத்திரை என்பதை எடைதான் தீர்மானிக்கும். அறுபத்தொரு கிலோவுக்கு நான்கு. மலைமேல் டாக்டரம்மா என்னை அவருடைய தராசில் ஏற்றி இரண்டு முறை பார்த்துவிட்டு, "உங்க ஊர்த் தராசு சொன்னதை நான் நம்பமாட்டேன்," என்றார். இந்த மாத்திரை ஈரலைத் தொந்தரவு செய்யலாம், அதனால் அவ்வப்போது ஈரலைச் சோதிக்க வேண்டும், கண் மஞ்சளானாலோ வாந்தி வந்தாலோ உடனே வர வேண்டும், கசாயமும் திருவிழாவும் அறவே கூடாது என்றார். நல்லபடியாகத் தப்பித்த ஈரலை இப்போது நான் காவல் காக்க வேண்டியதாயிற்று.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாராம். அந்த நேரம் நான் அவர் மேசையில் இருந்த சின்னத் தராசை ஆராய்ந்துகொண்டிருந்தேன். முதல் நாள் காலையில் தோட்டத்தில் நின்று நான் போட்ட சத்தத்துக்கு மூன்று வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். மனைவி வாசலிலிருந்து நகரவே இல்லை.

"அது மாத்திரை நெறமுங்க. அவரு எப்பவும் மத்தவங்க சொல்றதக் கேக்கமாட்டாரு. நீங்க போங்க."

ஒரு மாதம் போல ஆனதும் ஒரு நாள் மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனை வந்தது. என் வயிற்றில் ஏதோ சத்தம் கேட்டது. எனக்கே அது என்னவென்று புரியச் சிறிது நேரம் ஆனது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். மேசைக்கு அடியில் காத்திருந்த நாய் என் காலை முட்டியது. மறுபடி முட்டியது. கடைசியில் என்னைப் பார்த்து ஒரு குரை குரைத்தது. அதற்கு அன்றிலிருந்து கஷ்ட காலம்.

மூன்றாம் மாதம் அறுபத்தேழு கிலோ. டாக்டரம்மா நான்கு மாத்திரையை ஐந்தாக்கினார். பதவி உயர்வு கிடைத்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. விட விட்டால்தானே? மனைவி தினமும் எதிரில் நின்று விழுங்குகிறேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது குடல் சுவரின் தடிப்பு போயிருந்தது.

காப்பி சீசன் வந்தது. தராசு இப்போது ஒழுங்காக இருக்கிறது. மெக்கானிக் கல்லைச் சுமந்துகொண்டு வந்து சரி செய்து, முத்திரையும் போட வைத்துவிட்டுப் போனார். வியாபாரி அனுப்பிய இரண்டு இரும்புக் கல்லும் இப்போது ஊருக்குச் சொந்தம். சந்தேகம் என்றால் அவற்றைத்தான் வைக்கிறார்கள். என் வேலை போய்விட்டது.

முதல் நாளே திருப்புலி நாட்டுப் பெரியவர் மூட்டையோடு வந்தார். நிறுத்தேன். எண்ணைப் பார்த்தார். மூட்டையை இறக்கச் சொன்னார். நான் இரும்புக் கல்லை எடுக்கக் குனிந்தேன்.

"அதை வையி. நீ ஏறு."

"தராசு சரியாத்தானுங்க இருக்கு. முத்திரை பாருங்க."

"தராசைப் பத்தி இங்க யாரு கேட்டா? ஏறுப்பா."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் மூட்டைகளை விட்டுவிட்டுச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள். மனைவியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சிவப்பு எழுத்து கொஞ்சம் தடுமாறி நின்றது. எழுபத்தொன்று புள்ளி நான்கு.

பெரியவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அறநூறு கிராம் கொறையுது," என்றார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு ஊட்டுல என்ன கொழம்பு கண்ணு?"